மெடிக்கல் ஷாப்பிலிருந்து கிளினிக்கல் ரிசர்ச்சுக்கு: பார்மசிஸ்ட் தன் ப்ரொஃபைலை எழுதும் முறை

மருந்துக்கடையில் பல வருடம் நின்ற பார்மசிஸ்ட் ஒருவர் கிளினிக்கல் ரிசர்ச் வேலைக்கு அனுப்பும் ப்ரொஃபைலைத் திறந்தால், அனுபவம் என்ற இடத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மருந்துச்சீட்டு பார்த்து மருந்து கொடுத்தேன், ஸ்டாக் பார்த்துக்கொண்டேன், வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு இந்த வரிகள் எதையும் சொல்வதில்லை. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, இவர் ஒரு பதிவை அந்த நேரத்திலேயே எழுதி வைப்பவரா, மருந்துக் கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தால் அதைச் சொல்பவரா, தனக்கு முடிவெடுக்க அதிகாரம் இல்லாத இடத்தில் நின்று கேட்பவரா என்பதைத்தான்.

இந்த மூன்றுக்கும் பதில் கடை வேலையிலேயே இருக்கிறது. எச்1 பதிவேட்டில் இருக்கிறது, இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜில் இருக்கிறது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்த நோயாளியிடம் நீங்கள் கேட்ட கேள்விகளில் இருக்கிறது. அதை எடுத்து எழுதுவது எப்படி என்பதை ஒரு உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். பெரம்பூர் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஐந்து வருடம் வேலை பார்த்த, பி.பார்ம் படித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

கிளினிக்கல் ரிசர்ச் என்று பொதுவாக எழுதினால் எந்த வேலைக்கும் பொருந்தாது. கடையிலிருந்து வருபவருக்கு நிஜமாகத் திறந்திருக்கும் வாசல்கள் இரண்டு. ஒன்று மருந்துப் பாதுகாப்பு, அதாவது பார்மகோவிஜிலென்ஸ். உலகின் பல இடங்களிலிருந்து வரும் பக்கவிளைவு அறிக்கைகளைக் கணினியில் பதிந்து, குறியீடு கொடுத்து, சுருக்கம் எழுதும் வேலை. சென்னையில் இது பெரும்பாலும் ஓ.எம்.ஆர். பக்கத்து அலுவலகங்களில் நடக்கிறது. நோயாளியை நேரில் பார்ப்பதே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும் திறமைதான் அங்கே பெரிதாகப் பேசும்.

இன்னொன்று கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர். இது மருத்துவமனைக்குள் நடக்கும் வேலை. சோதனையில் சேர்ந்த நோயாளி எந்தத் தேதியில் வர வேண்டும், அன்று என்னென்ன பரிசோதனை, என்ன மருந்து, எது எங்கே எழுதப்பட வேண்டும் என்று எல்லாவற்றையும் கோர்த்து நடத்துபவர் இவர்தான். சோதனை மருந்தை வாங்கி வைப்பது, கொடுப்பது, மீந்ததைத் திரும்ப எண்ணுவது ஆகியவையும் பல இடங்களில் இவர் தலையில்தான் வரும். பெரிய மையங்களில் அதற்கென்றே தனி பார்மசிஸ்ட் இருப்பார். கடை அனுபவம் நேராகப் பொருந்துவது இங்கேதான். அதனால் நம் உதாரணப் பெண்ணுக்கு இந்த வேலையையே இலக்காக வைக்கிறேன்.

மையங்களைப் போய்த் தணிக்கை செய்யும் மானிட்டர் வேலையை, அதாவது சி.ஆர்.ஏ. பதவியை முதல் வேலையாகக் குறி வைக்க வேண்டாம். ஒரு மையம் உள்ளிருந்து எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதைச் சரிபார்க்க முடியாது என்பது வேலைக்கு எடுப்பவர்களுக்குத் தெரியும். டி.பார்ம் மட்டும் படித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வேலைகளுக்கான விளம்பரங்களில் பெரும்பாலும் பி.பார்ம், எம்.பார்ம், பார்ம்.டி அல்லது லைஃப் சயின்ஸ் பட்டம் கேட்பார்கள். பட்டம் இல்லாத குறையை ப்ரொஃபைல் வார்த்தைகளால் மூட முடியாது. டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. அதைச் செய்துகொண்டே விண்ணப்பிப்பது நல்லது.

எழுத உட்காரும் முன் ஒரு மாலை நேரம் சோதனைகளைப் படியுங்கள்

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் எல்லாம் ctri.nic.in என்ற தளத்தில் முன்கூட்டியே பதியப்பட வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். சென்னை என்று தேடிப் பார்த்தால் எந்த மருத்துவமனையில், எந்த நோய்க்கு, எந்தக் கட்டச் சோதனை நடக்கிறது, நோயாளிகளைச் சேர்ப்பது தொடங்கிவிட்டதா என்பதெல்லாம் தெரியும். போரூர், கிரீம்ஸ் ரோடு, அடையாறு, சேத்துப்பட்டு என்று உங்களுக்குத் தெரிந்த இடங்களே வரும்.

இரண்டு மூன்று பதிவுகளை முழுதாகப் படியுங்கள். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியலில் நின்று நிதானியுங்கள். ஒரு சர்க்கரை நோய்ச் சோதனையில், கடந்த மூன்று மாதத்தில் இன்ன வகை மருந்து எடுத்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று இருக்கலாம். நோயாளிக்கு அந்த மருந்தின் பொதுப்பெயர் தெரியாது, பிராண்டு பெயரும் பாதிதான் ஞாபகம் இருக்கும், அட்டை நிறத்தைச் சொல்வார். அந்த நிறத்தை வைத்தே மருந்தைக் கண்டுபிடிப்பவர் நீங்கள். ஒரு கூட்டு மாத்திரைக்குள் என்னென்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கு உடனே தெரியும். புதிதாகப் படித்து வரும் லைஃப் சயின்ஸ் பட்டதாரிக்குத் தெரியாது. ப்ரொஃபைலில் எழுத வேண்டிய உங்கள் பலங்களில் இது முக்கியமானது. சோதனைப் பதிவைப் படிக்காமல் போனால் இது ஒரு பலம் என்றே உங்களுக்குத் தோன்றாது.

கையில் என்ன இருக்கிறது என்று எடுத்து வையுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். ஒரு நோட்டில், கடையில் நீங்கள் எழுதிய பதிவுகள் என்னென்ன என்று மட்டும் எழுதுங்கள். செய்த வேலைகளை இப்போதைக்கு விடுங்கள்.

எச்1 பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 மருந்துப் பட்டியலில் செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள், அல்ப்ரசோலம் போன்றவை இருக்கின்றன. இவற்றைக் கொடுக்கும்போது மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்ட வேண்டும். சோதனை மையத்தில் இருக்கும் மருந்துக் கணக்குப் புத்தகமும் இதே குணம் கொண்டதுதான். யாருக்கு, எந்தத் தேதியில், எந்த பேட்ச், எத்தனை, கொடுத்தவர் யார், திரும்பி வந்தது எத்தனை. உங்கள் பதிவேட்டை யாராவது ஆய்வு செய்திருந்தால், அப்போது நீங்கள் அங்கே இருந்திருந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் முன்னால் பதிவேட்டோடு உட்கார்ந்த அனுபவம் கோஆர்டினேட்டர் வேலையில் அன்றாடம் வேண்டியது.

இங்கே ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பதிவேட்டை எப்போது எழுதினீர்கள்? மருந்து கொடுத்த கையோடா, இரவு கடை மூடும்போது பில்களைப் பார்த்து மொத்தமாகவா? பல கடைகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. நேர்காணலில் இதைக் கேட்பார்கள், ஏனென்றால் சோதனைப் பதிவுகளின் அடிப்படை விதியே நிகழ்ந்த நேரத்தில் எழுதுவது, எழுதியவர் யார் என்று தெரிவது, பிழையைத் திருத்தினால் பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுவது. வொயிட்னர் கூடவே கூடாது. இரவில் மொத்தமாக எழுதும் கடையில் நீங்கள் இருந்தால், நாளையிலிருந்து உங்கள் ஷிப்டில் மட்டுமாவது உடனே எழுதத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு ப்ரொஃபைலில் போடும் வரி உங்களுக்குச் சொந்தமானதாக இருக்கும்.

அடுத்து ஃபிரிட்ஜ். இன்சுலினும் தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. வெப்பநிலையை எழுதி வைத்தீர்களா என்பதுதான் விஷயம். எழுதும் வழக்கம் இல்லையென்றால் குறைந்த அளவும் அதிக அளவும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே வைத்து, காலையும் மாலையும் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால் மூன்று மாதம் என்றே ப்ரொஃபைலில் போடுங்கள். ஐந்து வருடம் என்று நீட்ட வேண்டாம்.

இந்த இடத்தில் கடைக்கும் சோதனை மையத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மின்வெட்டில் ஃபிரிட்ஜ் 11 டிகிரிக்குப் போனது என்று வையுங்கள். கடையில் நீங்களே யோசித்து, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று பார்த்து, வைத்துக்கொள்வதா ஒதுக்குவதா என்று முடிவு செய்வீர்கள். சோதனை மையத்தில் அந்த முடிவு உங்களுடையது இல்லை. மருந்தைத் தனியே பிரித்து, சரியான வெப்பநிலையில் வைத்து, யாருக்கும் கொடுக்காமல், எவ்வளவு நேரம் எத்தனை டிகிரி என்ற விவரத்தோடு ஸ்பான்சருக்கு, அதாவது சோதனையை நடத்தச் சொன்ன நிறுவனத்துக்குத் தெரிவித்து, எழுத்தில் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் வெப்பநிலை மாறிய மருந்துகளைப் பற்றி நானே முடிவெடுத்தேன் என்று பெருமையாக எழுதுவது இந்த வேலைக்கு எதிராகவே வேலை செய்யும். கவனித்தேன், பிரித்து வைத்தேன், தெரிவித்தேன் என்று எழுதுங்கள்.

மூன்றாவது பக்கவிளைவு. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் எடுக்கத் தொடங்கிய ஒருவர் மூன்று வாரம் கழித்து வந்து இருமல் மருந்து கேட்கிறார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். கவுன்ட்டரில் நிற்பவர் சிரப் எடுத்துக் கொடுத்துவிடலாம். நல்ல பார்மசிஸ்ட், மாத்திரை எப்போது தொடங்கினீர்கள், இருமல் எப்போது வந்தது, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு, டாக்டரிடம் அனுப்புவார். டாக்டர் மருந்தை மாற்றுகிறார்; சில வாரத்தில் இருமல் நின்றுவிடுகிறது.

இது நடந்ததோடு முடிந்துவிட்டால் ப்ரொஃபைலில் எழுத ஒன்றும் இல்லை. இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தில் இதை நீங்களே நிரப்பி அனுப்பலாம். 2010இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்குப் பார்மசிஸ்ட்டும் அறிக்கை அனுப்பலாம். படிவமாகவோ, கைப்பேசிச் செயலி வழியாகவோ, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலோ சொல்லலாம். ஓர் அறிக்கை செல்லுபடியாக நான்கு விஷயம் வேண்டும்: அடையாளம் சொல்லக்கூடிய நோயாளி, அறிக்கை தருபவர், சந்தேகப்படும் மருந்து, நேர்ந்த விளைவு. நோயாளியின் முழுப்பெயர் தேவையில்லை. பெயரின் முதலெழுத்துகளும் வயதும் போதும். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவும் வேண்டாம், சந்தேகமே போதும். மருந்தை நிறுத்தியதும் விளைவு குறைந்ததா என்று படிவமே கேட்கும். மேலே சொன்ன கதையில் இருமல் தொடங்கிய தேதி, மாத்திரை தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, பேட்ச் எண், கூட எடுத்த மருந்துகள் என்று எல்லாம் உங்களிடம் இருக்கும், கேட்டிருந்தால்.

இப்படி உண்மையான ஓர் அறிக்கை அனுப்பியவர், சோதனையில் பாதகமான நிகழ்வை எப்படிப் பதிவார் என்பதற்கு அதுவே மாதிரி. ஒன்றுகூட அனுப்பவில்லையென்றால் அடுத்து வரும் உண்மையான நோயாளியிலிருந்து தொடங்குங்கள். ப்ரொஃபைலுக்காக ஒரு நிகழ்வைக் கற்பனை செய்து அனுப்புவது பெரிய தவறு. அந்தத் தகவல் நாட்டின் மருந்துப் பாதுகாப்புத் தரவில் போய்க் கலக்கும்.

காலாவதி மருந்துகளைப் பிரித்து வைப்பது, பேட்ச் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் அலமாரியில் தேடி எடுப்பது ஆகியவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ஒரு வரி போதும்.

இப்போது எழுதலாம்

ப்ரொஃபைலை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். இங்கே பொருள் புரிவதற்காகத் தமிழில் சொல்கிறேன்.

லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. கிளினிக்கல் ரிசர்ச் புரொஃபஷனல் என்று அங்கே போட்டுக்கொள்பவர்கள் அதிகம். கீழே அனுபவத்தில் மருந்துக்கடை மட்டும் இருப்பதைப் பார்த்ததும் படிப்பவருக்கு மற்ற வரிகள் மேலும் சந்தேகம் வந்துவிடும். நம் உதாரணப் பெண்ணின் வரி இப்படி இருக்கலாம்:

> பதிவு பெற்ற மருந்தாளுநர், பி.பார்ம். மருந்துக்கடையில் 5 வருடம்: எச்1 பதிவேடு, குளிர்பதன மருந்துகள், பக்கவிளைவு அறிக்கை. ஜி.சி.பி. பயிற்சி பெற்றவர். கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் வேலை தேடுகிறேன், சென்னை.

அவர் யார், எங்கே இருந்தார், எங்கே போக விரும்புகிறார் என்பது இதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. வேலையின் பெயர் முழுதாக இருப்பதால் எடுப்பவர் தேடும்போதும் கண்ணில் படும்.

அடுத்து அறிமுகப் பத்தி. ஆறேழு வாக்கியம் போதும்:

> பெரம்பூரில் ஒரு மருந்துக்கடையில் ஐந்து வருடமாகப் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்கிறேன். என் ஷிப்டில் எச்1 பதிவேட்டை மருந்து கொடுக்கும்போதே எழுதுகிறேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வின்போது பதிவேடுகளை நேரில் காட்டியிருக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் எடுக்கும் மருந்துகளின் முழுப் பட்டியலை, பிராண்டு பெயரிலிருந்து பொதுப்பெயருக்கு மாற்றி, தேதியோடு தயாரிக்க முடியும். கவுன்ட்டரில் அறிந்த பக்கவிளைவுகளைத் தேசியக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கையாக அனுப்பியிருக்கிறேன். ஜி.சி.பி. பயிற்சி முடித்திருக்கிறேன், மருந்துச் சோதனையில் நேரடி அனுபவம் இன்னும் இல்லை. தமிழில் பேசவும் படிக்கவும் எழுதவும் முடியும், தெலுங்கு பேசுவேன்.

நேரடி அனுபவம் இன்னும் இல்லை என்ற வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள். நான் வைக்கவே சொல்வேன். அதைப் படித்த பிறகுதான் மற்ற வாக்கியங்களையும் எடுப்பவர் நம்புவார். மொழி வரியையும் விடாதீர்கள். சென்னை மையங்களில் ஒப்புதல் படிவம் தமிழிலும் இருக்கும். நோயாளி சந்தேகம் கேட்பதும் தமிழில்தான். படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் வேண்டும்.

அனுபவப் பகுதியில் ஒவ்வொரு வரியும் ஒரு பதிவையோ ஒரு செயலையோ சுட்ட வேண்டும். ஸ்டாக் பார்த்துக்கொண்டேன் என்பதை இப்படி மாற்றலாம்: மாதம் ஒருமுறை எச்1 மருந்துகளின் இருப்பைக் கையால் எண்ணி, பதிவேட்டோடும் பில்லோடும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் காரணத்தோடு குறித்து உரிமையாளரிடம் தெரிவித்தேன். மருந்துச்சீட்டு பார்த்து மருந்து கொடுத்தேன் என்பதை இப்படி: எழுத்து தெளிவில்லாத, அளவு சந்தேகமான சீட்டுகளுக்கு மருத்துவரை அழைத்து உறுதி செய்து, அழைத்த நேரத்தையும் பதிலையும் சீட்டின் பின்னால் எழுதினேன். உண்மையிலேயே செய்திருந்தால் மட்டும். எண்கள் சேர்ப்பதிலும் இதே விதிதான். ஒரு நாளைக்கு 200 சீட்டு என்று போட்டால் அது எங்கிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

சில வரிகளை எடுத்துவிட வேண்டும். விற்பனையை உயர்த்தினேன் என்பது இங்கே உதவாது. இல்லாத பிராண்டுக்குப் பதில் மாற்று பிராண்டு கொடுத்துச் சமாளித்தேன் என்பது ஆபத்தான வரி. சோதனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் கணினி ஒரு கிட் எண்ணை ஒதுக்கும். 1034க்குப் பதில் 1043ஐ எடுத்துக் கொடுத்தால், உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருந்தாலும் அது விதி மீறல்; உள்ளே வேறு மருந்து இருந்தால் நோயாளிக்கே கேடு.

இன்னொரு வரி, பார்க்க நல்லதாகத் தெரியும்: நோயாளிகளைச் சம்மதிக்க வைப்பதில் திறமையானவர். கவுன்ட்டரில் இது நல்ல குணம்தான். ஆன்டிபயாடிக்கை மூன்றாம் நாளே நிறுத்தப் போகிறவரை, முழுவதும் முடிக்கச் சொல்லி வற்புறுத்துவது நம் கடமை. சோதனையில் சேர்வதற்கான ஒப்புதல் அப்படி இல்லை. வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு. பாதியில் விலகவும் உரிமை உண்டு, விலகியதால் அவருடைய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. அங்கே சம்மதிக்க வைக்கும் திறமையைக் காட்டுபவரைப் பார்த்தால் நெறிமுறைக் குழுவுக்குக் கவலைதான் வரும். எளிய தமிழில் விளக்கி, புரிந்ததா என்று அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்பேன் என்று எழுதுங்கள். இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்கும்போது நீங்கள் ஏற்கெனவே செய்வதுதான் அது.

ஜி.சி.பி. சான்றிதழை எங்கே, எப்படிப் போடுவது

ஜி.சி.பி., அதாவது நல்ல மருத்துவச் சோதனை நடைமுறை என்ற சர்வதேச வழிகாட்டுதலின் புதிய வடிவம், இ6 ஆர்3, 2025 ஜனவரியில் இறுதி செய்யப்பட்டது. அதற்கு முந்தையது 2016ஆம் ஆண்டின் ஆர்2. உங்கள் பயிற்சி எந்த வடிவத்தில், எந்த மாதம் முடிந்தது என்று சான்றிதழ் வரியிலேயே போடுங்கள். பழைய வடிவத்தில் படித்திருந்தால் புதியதை மறுபடி முடித்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நிறைய பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் நடத்தும் டிப்ளமாக்கள் நகரத்தில் நிறைய உண்டு. சேர்வதற்கு முன், ஒரு மருத்துவமனை மையத்தில் நேரடியாக நின்று பார்க்கும் பயிற்சி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சான்றிதழோடு நின்றுவிடாமல் இந்திய விதிகளையும் படியுங்கள். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் 2019இல் வந்தன. தீவிரமான பாதக நிகழ்வு நேர்ந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஸ்பான்சருக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அந்த 24 மணி நேரத்தில் ஆவணங்களைத் திரட்டி ஓடுவது கோஆர்டினேட்டர்தான். ப்ரொஃபைலில் இதை ஒரு வரியாகப் போட்டால் போதும். ஆனால் நேர்காணலில் கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும்.

எங்கே மாட்டிக்கொள்வார்கள்

எழுதியது எல்லாம் சரிபார்க்கப்படும். மருந்துக்கடை உரிமத்தில் பதிவு பெற்ற மருந்தாளுநரின் பெயர் இருக்கும். உங்கள் சான்றிதழ் ஒரு கடையின் சுவரில் தொங்கிக்கொண்டிருக்க, ப்ரொஃபைலில் அதே காலத்துக்கு வேறு கடை இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வேலை பார்ப்பது முதலிலேயே சட்ட விரோதம். ஆவணங்களின் நேர்மையே வேலையாக இருக்கும் துறையில் அதற்கு மன்னிப்புக் கிடையாது.

கடையை விட்டு வரும்போது மூன்று காரியம் செய்யுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பொறுப்பு ஆகியவை உள்ள அனுபவக் கடிதம் வாங்குங்கள். நீங்கள் விலகிவிட்டதை உரிமையாளர் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவித்த கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் உங்கள் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். சின்னக் கடைகளில் சம்பளம் கையில் கொடுப்பார்கள், சம்பளச் சீட்டு இருக்காது. அப்போது வங்கிக் கணக்கில் போடச் சொல்லிச் சில மாதமாவது வாங்கி வைப்பது நல்லது.

பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து ஆதாரமாக இணைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் நோயாளிகளின் பெயர் இருக்கிறது, டாக்டரின் பெயர் இருக்கிறது. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்பதற்கு அதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். வேண்டுமானால் வெற்றுக் காகிதத்தில் நீங்களே ஒரு மாதிரிப் பதிவேடு வரைந்து, கற்பனை விவரங்களோடு நிரப்பி, மாதிரி என்று தெளிவாக எழுதி, கேட்டால் காட்டுங்கள்.

அனுப்பிய பிறகு வரும் ஒரு கணக்கு

வேலை விளம்பரத்துக்காக மட்டும் காத்திருக்காமல், முன்பு படித்த சோதனைப் பதிவுகளிலிருந்து உங்களுக்குப் பழக்கமான நோய் இருக்கும் மையங்களைத் தேர்ந்தெடுத்து, ஆராய்ச்சிப் பிரிவுக்குச் சின்னக் கடிதம் அனுப்புங்கள். நான்கு வரி போதும்: யார், எத்தனை வருடம், எந்த நோய் மருந்துகளில் பழக்கம், எப்போது சேர முடியும்.

அழைப்பு வந்தால் மாத்திரை எண்ணும் கணக்கைக் கேட்க வாய்ப்பு அதிகம். சென்னைக்கு இது பழைய விஷயம். 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவது சானடோரியத்தில் தங்கிப் பெறுவதற்கு நிகரா என்று பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் மருந்தைச் சாப்பிட்டார்களா என்று முன்னறிவிப்பில்லாமல் போய் மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கணக்கு இப்படி வரும். ஒருவருக்கு 60 மாத்திரை கொடுத்தீர்கள், தினம் இரண்டு, 28 நாள் கழித்து வருகிறார். சாப்பிட்டிருக்க வேண்டியது 56, மீதி 4 இருக்க வேண்டும். அவர் 10 மாத்திரை திருப்பித் தருகிறார். அப்படியானால் சாப்பிட்டது 50. 50ஐ 56ஆல் வகுத்தால் 89 சதவீதம். பல சோதனைகளில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள், சரியான எல்லையை அந்தச் சோதனையின் திட்ட ஆவணமான புரோட்டோகால்தான் சொல்லும். கணக்கைச் சரியாகச் சொன்ன பிறகு அடுத்த கேள்வி வரும்: அவர் 4 மாத்திரைதான் திருப்பித் தந்தார், ஆனால் ஊருக்குப் போனபோது மூன்று நாள் மறந்துவிட்டேன் என்று வாயால் சொல்கிறார், என்ன செய்வீர்கள்? எண்ணிக்கையை எண்ணியபடியே எழுத வேண்டும். அவர் சொன்னதையும் அவர் சொன்னபடியே எழுத வேண்டும். 100 சதவீதம் என்று காட்டும் கணக்குக்கும் அவர் வார்த்தைக்கும் இடையே இருக்கும் முரண்பாட்டை அன்றே ஆய்வு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மறந்த மாத்திரைகள் எங்கே போயின என்று நோயாளியை அதட்டாமல் கேட்டுப் பார்க்கலாம். கீழே கொட்டியிருக்கலாம், வீட்டில் வேறு டப்பாவில் இருக்கலாம், அடுத்த முறை கொண்டுவரச் சொல்லலாம். அவர் சொல்லும் பதிலையும் அதே பக்கத்தில், அன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டு எழுத வேண்டும்.